ஒப்புமைச் சான்றிதழில் கையெழுத்திடும் வரலாற்றுத் துறை நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வு நெறியாளர்களுக்கும், ஆய்வேடுகளை மதிப்பிடும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

தமிழில் எழுதப்பட்ட வரலாற்று ஆய்வேடுகள் நூலாக அச்சேறும் முன் அவற்றைச் செம்மையாக்கிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வரும் கட்டுகளின் முன்பக்கத்தில் ஒரு சான்றிதழ் இருக்கும். ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு ஒப்புமை பத்து விழுக்காட்டுக்குள் இருப்பதாக மென்பொருள் சொல்லியிருக்கும். அதன் கீழே உங்களில் ஒருவர் கையெழுத்து இருக்கும். அதைத் தாண்டி உள்ளே போனால் சோழர் கால நிலவுடைமை பற்றி ஓர் இயல். அந்த இயலின் பத்திகளை ஆங்கில மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாக்கியத்துக்கு வாக்கியம் வரிசை மாறாமல் ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவின் நூல் தமிழில் இறங்கியிருக்கும். இயலின் கடைசியில் ஓர் அடிக்குறிப்பில் அவர் பெயர் இருக்கும். நடுவில் இருக்கிற பக்கங்கள் யாருடையவை என்று வாசகருக்குத் தெரிய வழியே இருக்காது.

இப்படி எழுதியவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். திருட வேண்டும் என்று எண்ணி யாரும் எழுதவில்லை. "என் சொந்தத் தமிழில்தானே எழுதியிருக்கிறேன், ஒரு வரிகூட அப்படியே எடுக்கவில்லையே" என்று உண்மையாகவே திகைக்கிறார்கள். ஒரு வரலாற்றாசிரியரின் வாதத்தைத் தன் சொற்களில் சொல்வது எப்படி என்று யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது ஓர் எண்ணை மட்டும். அந்த எண்ணுக்குள் வந்துவிட்டால் போதும் என்றே அவர்கள் கற்றிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடலை மாணவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பத்து விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை என்றால் ஓராண்டு தடை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. பொதுவாக அறியப்பட்ட செய்திகளும், தற்செயலாக ஒத்துப்போகும் பதினான்கு சொற்கள் வரையிலான தொடர்களும் கணக்கில் சேராது. இவையெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அதே விதிமுறைகளின் தொடக்கத்தில் உள்ள வரையறையை யாரும் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை. பிறருடைய ஆக்கத்தை அல்லது கருத்தை எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவதே திருட்டு என்கிறது அந்த வரையறை. கருத்து என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. விதி கருத்தைப் பற்றிப் பேசுகிறது, நாம் வைத்திருக்கும் அளவுகோலோ ஒத்துப்போகும் சொற்களை எண்ணுகிறது. ஆங்கில நூலிலிருந்து தமிழுக்கு வந்த பத்தியில் ஒத்துப்போவதற்கு ஒரு சொல்கூட இருக்காது. முழு இயலையும் பெயர்த்து வைத்தாலும் மென்பொருள் பெரும்பாலும் சுழியத்தை ஒட்டித்தான் காட்டும்.

ஆகவே எடுத்துக்காட்டோடு பேசுவதே நல்லது. கராஷிமாவையே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் தமிழ் ஆய்வேடுகளில் மிக அதிகமாக எடுத்தாளப்படுபவர்களில் அவர் ஒருவர். அவருடைய வாதம் சிறியது, தெளிவானது, எங்கே எது நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். 1984இல் வெளிவந்த அவருடைய கல்வெட்டு ஆய்வு நூலில் திருச்சி மாவட்டத்து ஊர்கள் இரண்டை ஒப்பிடும் கட்டுரை இருக்கிறது. ஈசானமங்கலம் பிரமதேயம், பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊர். அல்லூர் பிராமணர் அல்லாதாரின் ஊர். இரண்டிலும் கிடைத்த முற்காலச் சோழர் கல்வெட்டுகளை வைத்து, நிலத்தை விற்றவர் யார், எந்தப் பெயரில் விற்றார் என்று அவர் பார்க்கிறார். ஈசானமங்கலத்தில் தனியாட்கள் விற்கிறார்கள்; அல்லூரில் ஊர் என்ற அமைப்பு விற்கிறது. இதிலிருந்து பிரமதேயத்தில் தனி உடைமையும், மற்ற ஊரில் பொது உடைமையும் நிலவின என்ற முடிவுக்கு வருகிறார். பிற்காலச் சோழர் காலத்தில் பிராமணர் அல்லாதார் ஊர்களிலும் தனி உடைமை பரவியது என்பது அவருடைய பிற ஆய்வுகளில் இந்த வாதம் வளர்ந்த விதம்.

இப்போது ஒரு பத்தியை வைத்துப் பார்ப்போம். அவருடைய ஆங்கிலப் பத்தி எதையும் இங்கே நான் எடுத்துப் போடவில்லை. வாதத்தின் போக்கை வைத்து நானே எழுதிய மாதிரி இது, தயக்கச் சொற்களும் நான் இட்டவை. இதுதான் மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"ஈசானமங்கலத்துக் கல்வெட்டுகளில் பிராமணர்கள் தனித்தனியாக நிலம் விற்கிறார்கள். அல்லூர்க் கல்வெட்டுகளிலோ ஊரார் என்ற கூட்டமே விற்கிறது. எனவே பிரமதேயத்தில் நிலம் தனி உடைமையாகவும், மற்ற ஊரில் பொது உடைமையாகவும் இருந்தது எனலாம். முன்னதில் உடையவர்கள் உழவில் இறங்கவில்லை, பின்னதில் உடையவர்களே உழுதார்கள் என்று தோன்றுகிறது."

இதை ஆய்வேட்டில் நான் வழக்கமாகக் காணும் வடிவம் பின்வருமாறு இருக்கும்:

"ஈசானமங்கலச் சாசனங்களில் அந்தணர்கள் ஒவ்வொருவராக நிலங்களை விலைக்குக் கொடுத்துள்ளனர். அல்லூர்ச் சாசனங்களில் ஊரார் எனும் குழுவினரே விலைக்குக் கொடுத்துள்ளனர். ஆகையால் பிரமதேயக் கிராமத்தில் நிலவுரிமை தனிமனிதரிடமும், பிற கிராமத்தில் சமூகத்திடமும் இருந்தது. முதலாவதில் உரிமையாளர்கள் பயிர்த்தொழிலில் ஈடுபடவில்லை, இரண்டாவதில் உரிமையாளர்களே பயிரிட்டனர்."

கல்வெட்டு சாசனமாயிற்று, பிராமணர் அந்தணரானார், விற்பனை விலைக்குக் கொடுத்தலாயிற்று. தொடர்ந்து நான்கு சொற்கள்கூட எங்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் நான்கு வாக்கியங்களும் அதே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு வாக்கியமும் மூலத்தின் ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. முதலில் இந்த ஊர், பிறகு அந்த ஊர், பிறகு முடிவு, பிறகு உழவு என்ற கட்டுமானம் முழுவதும் மூல ஆசிரியருடையது. மாணவர் செய்தது சொல்லுக்குச் சொல் மாற்றும் வேலை மட்டும்தான்.

இதைவிடப் பெரிய சேதம் ஒன்று இருக்கிறது, அதைக் கவனிப்பவர்கள் குறைவு. மூலத்தில் "எனலாம்" என்று இருந்தது, "என்று தோன்றுகிறது" என்று இருந்தது. இரண்டும் மாதிரிப் பெயர்ப்பில் காணாமல் போய்விட்டன. கல்வெட்டில் எழுதியிருப்பது ஒன்று, அதை வைத்து ஊகிப்பது இன்னொன்று. வரலாற்றாசிரியர் இந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அந்தச் சிறு சொற்களால்தான் காட்டுகிறார். புரிந்து எழுதுபவர் அவற்றை விடமாட்டார், ஏனென்றால் வாதத்தின் எடை அங்கேதான் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் மாற்றுபவருக்கு அவை வாக்கியத்தின் வால் மட்டுமே. நெறியாளர்களே, ஒரு பத்தி புரிந்து எழுதப்பட்டதா, மாற்றி எழுதப்பட்டதா என்று அறிய மென்பொருள் வேண்டாம். மூலத்தின் தயக்கங்கள் எல்லாம் இங்கே உறுதிகளாக நிற்கின்றனவா என்று பாருங்கள், அதுவே போதும்.

சரி, எப்படி எழுதுவது? புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவது என்பதே என் பதில். இது பழைய அறிவுரைதான், ஆனால் ஏன் மூட வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் மாணவர் மூடமாட்டார். திறந்த பக்கம் கண்முன் இருக்கும்வரை கை அதன் வாக்கிய வரிசையை விட்டு விலகாது. ஒரு வாக்கியத்தைப் படிப்பது, அதை மாற்றுவது, அடுத்ததைப் படிப்பது, அதை மாற்றுவது என்றுதான் போகும். மூடிவிட்டால் வரிசை மறந்துபோகும், வாதம் மட்டும் நினைவில் நிற்கும். நிற்கவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள்; திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

மூடிய பிறகு வெள்ளைத் தாளில் எழுத வேண்டியவை சில கேள்விகளுக்கான விடைகள். அவர் எந்தக் கேள்விக்கு விடை தேடினார்? இதில் அவருக்கு முன் எழுதியவர்களோடு எங்கே மாறுபடுகிறார்? சான்றாக எதை வைத்தார்? எதுவரை உறுதியாகச் சொன்னார், எங்கே நிறுத்திக்கொண்டார்? கராஷிமாவின் கட்டுரைக்கு இந்த விடைகள் தாளில் அரைப்பக்கம் பிடிக்கும். அதன் பிறகுதான் புத்தகத்தைத் திறந்து, ஊர்ப்பெயர், மன்னர் ஆட்சியாண்டு, பக்க எண் போன்றவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது மிக முக்கியம். அந்த வாதத்தை உங்கள் மாணவர் தன் ஆய்வில் எதற்காகக் கொண்டுவருகிறார் என்பதை முடிவு செய்துவிட்டு, அந்த இடத்திலிருந்து பத்தியைத் தொடங்க வேண்டும். ஒருவர் பாசன ஏரிகளைப் பற்றி ஆய்கிறார் என்றால், ஊர் சேர்ந்து நிலம் வைத்திருந்தது என்ற செய்தி அவருக்கு ஏரி பராமரிப்போடு சேரும் இடத்தில்தான் வேண்டும். இன்னொருவர் கோயில் கொடையை ஆய்கிறார் என்றால், கொடைக்காக நிலத்தை விற்றவர் யார் என்பதில் அது நுழையும். கராஷிமாவின் வரிசை அவருடைய கேள்விக்காக அமைந்தது. மாணவரின் கேள்வி வேறு என்றால் வரிசையும் தானாக வேறாகும். வரிசை அப்படியே இருக்கிறது என்றால், மாணவருக்குச் சொந்தக் கேள்வி இன்னும் வரவில்லை என்பதற்கு அது அடையாளம்.

மேலே காட்டிய மாதிரியை இந்த முறையில் எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்:

"நிலம் யாருடையது என்ற கேள்விக்குக் கராஷிமா விற்பனைப் பதிவுகளின் வழியே விடை தேடுகிறார். விற்கும் உரிமை யாரிடம் இருந்ததோ, உடைமையும் அவரிடமே இருந்தது என்பது அவருடைய வாதத்தின் அடிப்படை. அதனால்தான் அல்லூரில் விற்பவராக ஊர் நிற்பது அவருக்கு முக்கியமாகிறது. ஆளுக்கு ஆள் விற்கும் ஈசானமங்கலத்தோடு ஒப்பிடும்போது அல்லூரில் நிலம் பொதுவில் இருந்திருக்கலாம் என்று அவர் முடிவு செய்கிறார். உழுதவர்கள் யார் என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கிறார், ஆனால் அதை ஊகமாகவே விடுகிறார். இனி என் ஐயம்: கல்லில் வெட்டப்பட்டவை பெரும்பாலும் கோயிலோடு தொடர்புடைய நடவடிக்கைகள். கோயிலுக்கு வராமல் கைமாறிய நிலம் இந்தக் கணக்கில் எப்படி வரும்?"

இந்தப் பத்தி மூலத்தைவிட நீளம். புரிந்து எழுதும்போது சில இடங்களில் நீளும், சில இடங்களில் சுருங்கும். மூலத்தின் அதே நீளத்தில் வந்தால் சந்தேகப்பட வேண்டும். "விற்கும் உரிமை யாரிடமோ உடைமையும் அவரிடமே" என்ற வரி மூலப் பத்தியில் இல்லை. அது வாதத்துக்கு அடியில் மறைந்து நின்ற எண்ணம், எழுதியவர் அதை வெளியே எடுத்து வைத்திருக்கிறார். அப்படி எடுத்து வைத்ததால்தான் கடைசியில் கேட்ட கேள்விக்கே இடம் கிடைத்தது. பிரமதேயம், ஊர், ஈசானமங்கலம், அல்லூர் ஆகிய சொற்கள் மாறவே இல்லை. துறையின் பெயர்ச்சொற்களை மாற்ற வேண்டியதில்லை, மாற்றவும் கூடாது. ஒப்புமை எண்ணுக்குப் பயந்து பிரமதேயத்தை "அந்தணர் குடியிருப்பு" என்று மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வரலாற்றையே மாற்றிவிடுகிறார்கள்.

அந்தப் பத்தியில் "கராஷிமா" என்று தொடங்கி, "அவர்" என்று தொடர்ந்து, "இனி என் ஐயம்" என்று எல்லை காட்டியிருப்பதையும் பாருங்கள். தமிழில் இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. நம் வாக்கியத்தில் "என்கிறார்" கடைசியில் வரும். ஆறு வாக்கியங்களை அடுக்கிவிட்டு ஏழாவதின் முடிவில் "என்கிறார் கராஷிமா" என்று போட்டு அடிக்குறிப்பு எண் இட்டால், அந்த எண் ஏழாவது வாக்கியத்துக்கு மட்டுமா, ஏழுக்குமா? வாசகருக்குத் தெரியாது. பெரும்பாலும் எழுதியவருக்கே தெரியாது. பிறர் வாதம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தொடங்கும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும், எங்கே முடிகிறது என்பதையும் முடியும் இடத்தில் சொல்ல வேண்டும். பத்தியின் கடைசியில் ஒற்றை எண் போடுவது நேர்மையான பழக்கமாக நம்மிடையே நிலைத்துவிட்டது. அதை நீங்கள்தான் நிறுத்த முடியும்.

எதற்கெல்லாம் பெயர் சொல்ல வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பதிலும் மாணவர்களுக்குக் குழப்பம் இருக்கிறது. முதலாம் இராஜராஜன் 985இல் பட்டம் ஏறினான் என்பதற்கோ, தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது என்பதற்கோ யாரையும் சுட்ட வேண்டியதில்லை. பிராமணர் ஊரின் அவை சபை எனப்பட்டது என்பதும் துறையில் அனைவரும் அறிந்ததே. ஆனால் அல்லூரில் நிலம் பொதுவில் இருந்தது என்பது அப்படிப்பட்ட செய்தி அன்று. அது ஒருவர் கல்வெட்டுகளைத் தொகுத்து, ஒப்பிட்டு, வாதாடி அடைந்த முடிவு. அதை யாராவது மறுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மறுக்க முடியும் என்றால் அது யாரோ ஒருவருடைய வாதம், அவர் பெயர் அங்கே இருந்தாக வேண்டும்.

வரலாற்றாசிரியர்களே இதில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று காட்டுவதற்கு பர்ட்டன் ஸ்டைனைவிட நல்ல சான்று இல்லை. சோழ அரசு முழுமையான மையப்படுத்தப்பட்ட நிர்வாகம் கொண்டது என்ற கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சித்திரத்தை மறுத்து, 1980இல் அவர் வெளியிட்ட நூல் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அரசனின் சடங்கு மேலாண்மை எங்கும் பரவியிருந்தாலும், அவனுடைய உண்மையான ஆட்சி மையப்பகுதிக்குள் அடங்கியது, நாடுகள் எனப்பட்ட வட்டாரங்கள் பெருமளவு தம்மைத்தாமே ஆண்டன என்பது அவர் வாதம். இதற்கு அவர் வைத்த செக்மென்டரி அரசு என்ற சட்டகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களை ஆய்ந்த மானிடவியலாளர் ஐடன் சௌத்தாலுடையது. ஸ்டைன் அதை மறைக்கவில்லை, சௌத்தாலின் பெயரை வெளிப்படையாகச் சொல்லி அந்தச் சட்டகத்தை எடுத்துக்கொண்டார். கடன் வாங்கியதால் அவருடைய நூலின் மதிப்பு குறையவில்லை. விவாதம் ஆப்பிரிக்கச் சட்டகம் சோழ நாட்டுக்குப் பொருந்துமா என்ற திசையில் போகவும் அந்த வெளிப்படைத்தன்மைதான் வழி செய்தது. ஆனால் நம் ஆய்வேடுகளில் "சோழ அரசு ஒரு செக்மென்டரி அரசாகும்" என்று மொட்டையாக, ஊர்ப்பெயர் சொல்வதுபோல எழுதியிருக்கிறது. சௌத்தாலின் பெயர் முதலில் விடுபட்டது, பிறகு ஸ்டைனின் பெயர் விடுபட்டது, மறுத்தவர்களின் பெயர்களும் விடுபட்டன. கடைசியில் மாணவர் தாமே கண்டுபிடித்ததுபோல் ஒரு வரி நிற்கிறது.

இனி, என்னை மிகவும் வருத்தும் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது அடிக்குறிப்புத் திருட்டு. கராஷிமாவின் அடிக்குறிப்பில் கல்வெட்டு ஆண்டறிக்கையின் எண் இருக்கும். மாணவர் பத்தியை மாற்றி எழுதிவிட்டு, கராஷிமாவைச் சுட்டாமல் அந்த எண்ணை மட்டும் தன் அடிக்குறிப்பில் போடுகிறார். பார்ப்பவருக்கு அவர் நேரே கல்வெட்டையே படித்து எழுதியதுபோலத் தெரியும். ஆய்வுலகில் அப்படி ஒரு பெயர் வாங்குவது பெரிது, அதனால்தான் இது நடக்கிறது. இதில் ஒரு வரியின் சொற்கூட ஒத்துப்போகாது. எண்ணுக்கு ஒப்புமையும் பார்க்க முடியாது.

ஆனால் பிடிப்பது எளிது. சோழ மன்னர்கள் இராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். விஜயாலயன் பரகேசரி, முதலாம் ஆதித்தன் இராஜகேசரி, முதலாம் பராந்தகன் பரகேசரி, சுந்தர சோழன் இராஜகேசரி, உத்தம சோழன் பரகேசரி, முதலாம் இராஜராஜன் இராஜகேசரி. ஒரு முற்காலக் கல்வெட்டில் "இராஜகேசரிக்கு யாண்டு" என்று மட்டும் இருந்து, மெய்க்கீர்த்தியோ வேறு அடையாளமோ இல்லை என்றால், அது எந்த மன்னன் காலத்தது என்று கல் சொல்லாது. எழுத்தமைதி, கல்வெட்டில் வரும் அதிகாரிகள், கொடையாளர்களின் பெயர்கள் முதலியவற்றை வைத்து அறிஞர்கள்தான் முடிவு செய்கிறார்கள். எனவே ஒரு ஆய்வேட்டில் "ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு" என்று இருந்து, அடிக்குறிப்பில் வெறும் ஆண்டறிக்கை எண் மட்டும் இருந்தால், கல்லில் மன்னன் பெயர் எப்படிப் பொறிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். கல்வெட்டை வாசித்தவர் உடனே சொல்வார். எண்ணை மட்டும் எடுத்தவர் தடுமாறுவார், ஏனென்றால் காலத்தை முடிவு செய்த உழைப்பு அவருடையதில்லை. மூல ஆசிரியரின் அச்சுப்பிழைகளும் இந்த வழியில்தான் ஒரு ஆய்வேட்டிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துகொண்டே போகின்றன. ஒரே தவறான எண் பல நூல்களில் அப்படியே இருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கல்லைப் பல ஆண்டுகளாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று தெரிகிறது.

இதற்குத் தீர்வு கடினம் இல்லை. கல்வெட்டை நேரே படிக்க முடியவில்லை என்றால் "இக்கல்வெட்டை நான் கராஷிமா வழியாகவே அறிகிறேன்" என்று அடிக்குறிப்பில் எழுதட்டும். அதில் தாழ்வு எதுவும் இல்லை. எல்லாக் கல்வெட்டையும் யாராலும் நேரில் படித்துவிட முடியாது. அவற்றில் பல இன்னும் முழுதாக அச்சாகவும் இல்லை.

இங்கே சிலர் நம் மரபைத் துணைக்கு அழைக்கிறார்கள். பழைய உரையாசிரியர்கள் முன்னோர் கருத்தை எடுத்தாண்டிருக்கிறார்கள், அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். நன்னூல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நூல்களை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று பிரிக்கிறது. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவற்றில் ஆக்கியோன் பெயருக்கு அடுத்து வைப்பது "வழி", அதாவது இந்த நூல் எதிலிருந்து வந்தது என்பது. ஆசிரியர் பெயருக்கு அடுத்த இடத்தை மூலத்துக்குக் கொடுத்த மரபு நம்முடையது. எடுத்தாள்வதை அது தடுக்கவில்லை, எங்கிருந்து எடுத்தேன் என்று வாயிலிலேயே சொல்லச் சொல்கிறது.

உங்களிடம் நான் கேட்பவை செய்யக்கூடியவையே. ஒப்புமைச் சான்றிதழை வாங்குங்கள், விதி அது. ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். ஆய்வேட்டைப் படிக்கும்போது பிறர் வாதம் வரும் இரண்டு மூன்று பத்திகளை நீங்களே தேர்ந்தெடுத்து, அவற்றின் மூலப் பக்கங்களின் நகலைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் வைத்து வாக்கிய வரிசையையும் தயக்கச் சொற்களையும் பாருங்கள். ஆங்கில மூலத்திலிருந்து தமிழுக்கு வந்த ஆய்வேடு என்றால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கே மென்பொருள் கண்ணில்லாதது.

வாய்மொழித் தேர்வில் "உங்கள் ஆய்வின் முடிவுகள் யாவை" என்று கேட்பதோடு, ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு ஒரு வரலாற்றாசிரியரின் வாதத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அவரை யார் மறுத்தார்கள், எந்தச் சான்றை வைத்து மறுத்தார்கள் என்று கேளுங்கள். புரிந்து எழுதியவருக்கு இது எளிய கேள்வி. மாற்றி எழுதியவர் இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிடுவார்.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு மானியக் குழு 2019ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்த ஆய்வு நெறி, வெளியீட்டு நெறி பற்றிய பாடம் முப்பது மணி நேரத்துக்கானது. அதில் மென்பொருளைப் பயன்படுத்தப் பழக்குகிறீர்கள். அதே நேரத்தில் ஓர் அமர்விலாவது மாணவர்களுக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரையின் நான்கு பக்கத்தைக் கொடுங்கள். படித்த பின் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் வாதத்தை அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். பிறகு கட்டுரையைத் திரும்பக் கொடுத்து, தாங்கள் எழுதியதில் எந்தத் தயக்கத்தை விட்டோம், எதைக் கூட்டிச் சொன்னோம் என்று அவர்களையே குறிக்கச் செய்யுங்கள். கராஷிமாவின் அல்லூர்க் கட்டுரை இதற்கு மிகவும் பொருத்தம். முதன்முதலில் கொடுப்பதற்கு வேறு ஒன்றைத் தேட வேண்டியதில்லை.

பதிப்பகத்தில் என் கைக்கு வருவதற்கு முன்பே இவற்றைச் செய்ய உங்களால் மட்டுமே முடியும். என்னிடம் வரும்போது பட்டம் வழங்கப்பட்டிருக்கும். பத்திகளைத் திருத்தலாம், விடுபட்ட பெயர்களைச் சேர்க்கச் சொல்லலாம். மாணவரின் சொந்தக் கேள்வியை என்னால் எழுதிச் சேர்க்க இயலாது.

இப்படிக்கு,
ஆய்வு நூல்களைச் செம்மையாக்கும் ஒருவர்